"ம்" என்று ஒரு பதில்

ஜூன் 10
இன்று பள்ளி திறந்தது. பிரேயர் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் கணக்கு டீச்சரைப் பார்த்து, "வணக்கம் டீச்சர், லீவு எப்படிப் போச்சு? பேரன் வந்திருந்தானா?" என்றேன். தலை நிமிரவில்லை. "ம்" என்றார், அவ்வளவுதான். நாள் முழுக்க அது முள்ளாக உறுத்தியது. ஏப்ரலில் தேர்வு டியூட்டியை மாற்றிக்கொண்டோமே, அதில் வருத்தமோ என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஜூன் 11
இன்று கவனித்தேன். அறிவியல் சார் வணக்கம் சொன்னபோதும் அவருக்கு "ம்"தான். எச்.எம். விசாரித்தபோதும் "சரிங்க" என்ற ஒரே சொல். கையில் போன், ஜன்னலோரம் நின்று சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். காலையில் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏற்றியாக வேண்டும், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நான் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். இரண்டுமே நின்று பேச வேண்டிய கேள்விகள்.

எல்லாரிடமும் அதே "ம்" என்றால் அது என்னைப் பற்றியதில்லை. நேற்றே பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

ஜூன் 12
"வணக்கம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன். முகத்தைப் பார்த்தபடி நிற்கவில்லை. நின்றால் வணக்கம் பதில் கேட்கும் கடனாகிவிடுகிறது. "என் மேல கோபமா?" என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் வேலையை விட்டுவிட்டு என்னைத் தேற்ற வேண்டிய பாரமும் அவர் தலையில் ஏறியிருக்கும்.

ஜூன் 18
மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, "எட்டாம் வகுப்புல பின்னம் இன்னும் தடுமாறுதே டீச்சர், எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்றேன். சப்பாத்தியை நான்காகப் பிய்த்துக் காட்டியே விளக்கினார். பெல் அடிக்கும்வரை பேச்சு ஓயவில்லை. பேரன் வந்திருந்தானாம், பல் முளைக்கிறதாம்.

ஜூன் 20
ஆங்கில டீச்சர் விஷயம் வேறு. எல்லாரிடமும் கலகலவென்று பேசுகிறார். என்னிடம் மட்டும், காலை, மதியம் எந்த நேரமானாலும், "ஆமா", "இல்ல". பத்து நாளாக இப்படித்தான். இதை வேலைப்பளு என்று தள்ளிவிட முடியாது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டேன்: "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ஒரு கூட்டத்தில், அவர் வகுப்பு நோட்டுகள் திருத்தாமல் கிடந்ததை எல்லார் முன்னாலும் நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அதற்காக வாதாடவில்லை, "தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றேன். "சரி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 21
கணக்கு டீச்சர்: "ம்."
ஆங்கில டீச்சர்: "வணக்கம்." சிரிப்பில்லை. நாளையும் சொல்வேன்.