ஒரே வாக்கியம், இரண்டு நோட்டு: இந்தியும் உருதுவும் தமிழுக்கு வரும்போது

பேரணாம்பட்டில் எங்கள் தெருவில் நின்றால் மூன்று மொழி காதில் விழும். மலைப்பாதை ஏறி வி.கோட்டா போனால் ஆந்திரா. அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் தெலுங்கு பேசுவார்கள். தோல் தொழிற்சாலை ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். நான் தமிழ்தான். பள்ளி நாட்களில் இந்தி பிரசார சபா தேர்வுகளை ப்ரவீண் வரைக்கும் எழுதி முடித்தேன். அதற்கப்புறம் இருபது வருடம் அந்த இந்தியைத் தொடவில்லை.

மூன்று மாதம் முன்பு ஒரு பொழுதுபோக்காக ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வது, அதை இந்தியில் எப்படி எழுதுவார்கள், உருதுவில் எப்படி எழுதுவார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தனித்தனியாகத் தமிழில் பெயர்ப்பது. உருது எழுத்து சொல்லிக்கொடுக்க எதிர்வீட்டு பாய் சம்மதித்தார். தோல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மாலை அஸர் தொழுகை முடிந்து வந்தால் திண்ணையில் அரை மணி நேரம் உட்காருவார்.

முதல் வாக்கியம் ரொம்ப எளிமையானது. 'அவர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்.'

இந்தி: உஸ்னே ஸப் ப்ரஷ்னோம் கே உத்தர் தியே.
உருது: உஸ்னே ஸப் ஸவாலோம் கே ஜவாப் தியே.

பார்த்தீர்களா, எலும்புக்கூடு ஒன்றுதான். உஸ்னே, ஸப், கே, தியே எல்லாம் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. வேற்றுமை உருபு, வினை, வாக்கியம் முடிகிற விதம் எதுவும் மாறவில்லை. மாறியது இரண்டு பெயர்ச்சொற்கள் மட்டும். இந்தியில் அவை வடமொழியிலிருந்து வந்தவை, உருதுவில் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தவை.

(பாய் வாக்கியத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த 'நே' எங்க வீட்ல வராது தம்பி. அது டில்லிக்காரங்களுக்கு." அவர் பேசுவது தக்னி, இந்தப் பக்கத்து உருது. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹௌ'. இலக்கணத்தைப் பார்த்தால் புத்தக இந்திக்கும் புத்தக உருதுவுக்கும் உள்ள தூரத்தைவிட, புத்தக உருதுவுக்கும் பாய் வீட்டு உருதுவுக்கும் உள்ள தூரம் அதிகம்.)

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். அப்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது. தமிழிலும் வடசொல் இருக்கிறது, நவாப் காலத்திலிருந்து வந்த பாரசீக, அரபிச் சொற்களும் இருக்கின்றன. வக்கீல், வசூல், பாக்கி, ஜாமீன், ஆஜர், தாசில்தார் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அப்படியானால் இந்தி வாக்கியத்தைத் தமிழ் வடசொல்லிலும், உருது வாக்கியத்தை இந்தத் தாலுகா கச்சேரிச் சொற்களிலும் எழுதினால் மூலத்தின் வாசனை அப்படியே வந்துவிடுமே என்று நினைத்தேன்.

விளைவு இப்படி இருந்தது. இந்தியிலிருந்து: 'அவர் எல்லாப் பிரச்னைகளுக்கும் உத்தரவு கொடுத்தார்.' உருதுவிலிருந்து: 'அவர் எல்லா சவால்களுக்கும் ஜவாப் கொடுத்தார்.'

என் மனைவியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். "முதல் ஆள் கலெக்டர், ரெண்டாவது ஆள் பயில்வான். சரியா?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ப்ரஷ்ன் என்றால் இந்தியில் கேள்வி. அதே சொல் தமிழில் பிரச்னையாகி, தீர்க்க வேண்டிய தொல்லை என்ற பொருளுக்குப் போய்விட்டது. உத்தர் அங்கே விடை, இங்கே உத்தரவு என்றால் கட்டளை. ஸவால் அங்கே கேள்வி, இங்கே சவால் என்றால் தொடை தட்டுவது. ஜவாப் மட்டும்தான் பொருள் மாறாமல் வந்திருக்கிறது, ஆனால் அதை இன்று யாரும் சொல்வதில்லை. ஜவாப்தாரி என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ஆக, நான்கு சொல்லில் மூன்று என்னை வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டன. இதில் வேடிக்கை, நாம் 'தமிழ்' என்று நினைத்து எழுதுகிற 'பதில்' என்ற சொல்லே அரபி 'பதல்' வழி வந்தது என்பார்கள்.

அன்றிலிருந்து நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இந்தி அவ்ஸர் (வாய்ப்பு, தருணம்), நம் அவசரம் அல்ல. இந்தி ஆலோசனா (விமர்சனம்), நம் ஆலோசனை அல்ல. இந்தி உபன்யாஸ் (நாவல்), கோயிலில் கேட்கிற உபன்யாசம் அல்ல. உருது ராஸீநாமா சமரச ஒப்பந்தம். நாம் எழுதிக்கொடுக்கிற ராஜினாமாவுக்கு அவர்கள் சொல் இஸ்தீஃபா. தெரிந்த முகம் போல இருக்கும் சொல்லைத்தான் முதலில் அகராதியில் பார்க்க வேண்டும். தெரியாத சொல்லை எப்படியும் பார்த்துவிடுவோம்.

இரண்டாவது மாதம்தான் உருப்படியாக ஒன்று பிடிபட்டது. வாசனையை ஒதுக்கிவிட்டு வேறு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். மூலத்தை எழுதியவருக்கு அந்த இடத்தில் வேறு சொல் கையில் இருந்ததா?

உருதுக்காரருக்கு ஸவால், ஜவாப் என்பவை அன்றாடச் சொற்கள். வகுப்பிலும் அதுதான், சமையலறையிலும் அதுதான். அதில் அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இந்திக்காரர் நிலைமை வேறு. அவர் கையில் இரண்டு ஜோடியும் இருக்கின்றன. பேச்சில் அவரும் ஸவால், ஜவாப் என்றுதான் சொல்கிறார். தேர்வுத்தாளில் ப்ரஷ்ன், உத்தர். நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்துக்குப் பெயர் ப்ரஷ்ன் கால். அரசியல் சாசனத்தின் 351ஆவது பிரிவே, இந்திக்குச் சொல் தேவைப்பட்டால் முதன்மையாக சமஸ்கிருதத்திலிருந்து எடுக்கச் சொல்கிறது. அதனால் ஆபீஸ் இந்தி அந்தப் பக்கம் ஏறி நிற்கிறது.

ஆகவே இந்திக் கதையில் ஒரு வாத்தியார் 'ப்ரஷ்ன் கா உத்தர் தோ' என்றும், அதே கதையில் ஒரு அம்மா மகனிடம் 'ஸவால் கா ஜவாப் தோ' என்றும் சொன்னால், அந்த வித்தியாசம் தமிழில் வந்தாக வேண்டும். வருமா என்று யோசித்தபோது நம்மிடமே அந்த ஜோடி தயாராக இருப்பது தெரிந்தது. வினா, விடை என்று ஒன்று. கேள்வி, பதில் என்று இன்னொன்று. வாத்தியார் 'வினாவுக்கு விடை எழுது' என்பார். அம்மா 'கேட்ட கேள்விக்கு பதில் சொல்லு' என்பாள்.

இதில் நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தி விறைப்பாக நிமிரும்போது வடமொழிக்குள் போகிறது. தமிழ் விறைப்பாக நிமிரும்போது தனித்தமிழுக்குள் போகிறது. அதனால் ப்ரஷ்னுக்கு ஈடு பிரச்னையும் இல்லை, வேறு எந்த வடசொல்லும் இல்லை. வினாதான். சொல் எங்கே பிறந்தது என்பதை விட்டுவிட்டு, அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் பெயர்த்தால் வாக்கியம் தானாக உட்கார்ந்துவிடுகிறது.

உருது வாக்கியத்துக்கு எப்போதும் கேள்வி, பதில். அது பத்திரிகைச் செய்தியா, வீட்டுப் பேச்சா என்பதைச் சுற்றியுள்ள வாக்கியங்களை வைத்து முடிவு செய்கிறேன். உருதுவுக்கும் அதற்கே உரிய உயரம் உண்டு. வஸீர்-ஏ-ஆஸம் (பிரதமர்) என்பது போல இரண்டு சொல்லை 'ஏ' வைத்துக் கோத்திருந்தால் அது பெரும்பாலும் மேடை நடை, செய்தி நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சோதனை: 'உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.' இந்தி, மை ஆப்கீ ப்ரதீக்ஷா கர் ரஹா ஹூம். உருது, மை ஆப்கா இந்தஸார் கர் ரஹா ஹூம். இங்கே எலும்புக்கூடும் லேசாக அசைகிறது. ப்ரதீக்ஷா பெண்பால், அதனால் ஆப்கீ. இந்தஸார் ஆண்பால், அதனால் ஆப்கா. தமிழுக்கு இது ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது வேறு. ரயில் நிலையத்தில் காத்திருப்போர் அறைக்கு மேலே ப்ரதீக்ஷாலய் என்று எழுதியிருக்கும். இந்திக்காரர் பேச்சுவாக்கில் இந்தஸார் என்றுதான் சொல்வார். கதையில் ஒரு டீக்கடைப் பையன் 'ப்ரதீக்ஷா' என்று சொன்னால், ஒன்று அவன் கேலி செய்கிறான், இல்லை எழுதியவருக்குக் காது சரியில்லை. கேலி என்றால் 'தங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறேன்' என்று எழுதுவேன். அதே சொல் கதை சொல்கிறவரின் வர்ணனையில் வந்தால் வெறும் 'காத்திருந்தான்' போதும்.

என் பழைய வரைவு ஒன்றையும் பாயிடம் காட்டினேன். ஒரு உருதுக் கடிதத்தைத் தமிழில் எழுதி, வாசனைக்காக ஜவாப், ஆஜர், தயார் என்று தூவியிருந்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு எழுதினது, மக எழுதினதுன்னு சொன்னீங்களா?"

"ஆமா பாய், அம்மாவுக்கு எழுதினது."

"உருதுல இது சாதாரணமா இருக்கு தம்பி. உங்க தமிழ்ல படிச்சா தாலுகா ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு."

அந்தச் சொற்கள் தமிழுக்குள் வந்தது கச்சேரி, வரிவசூல் வழியாக. அதனால் அந்த வாடை அவற்றை விடவே இல்லை. ஜவாப், ஆஜர் இரண்டையும் அடித்துவிட்டேன். தயார் மட்டும் தப்பித்தது, அது இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது.

இப்படியே எல்லாவற்றையும் உயரம் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு வகைச் சொல் மட்டும் ஒத்துவரவில்லை. சமயச் சொற்கள். 'உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன்' என்பதில் துஆ, ப்ரார்த்தனா இரண்டுக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பேசுகிறவர் யார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இங்கே ஆளைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் முஸ்லிம்களும் துஆ என்றே சொல்வதால் 'துஆ செய்கிறேன்' என்று விட்டுவிடலாம். மற்றதற்கு 'வேண்டிக்கொள்கிறேன்'.

நமாஸ், ரோஸா இரண்டையும் அதே மாதிரி உருதுவிலேயே விட்டுவிடலாம் என்று இருந்தேன். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அவை தொழுகை, நோன்பு. சுத்தமான தமிழ்ச் சொற்கள். பாய் வீட்டில் நமாஸ், ரோஸா. என்னிடம் தமிழில் பேசும்போது மட்டும் அவரே தொழுகை, நோன்பு என்று மாற்றிக்கொள்கிறார். அதைக் கவனித்த பிறகு நானும் மாற்றிவிட்டேன்.

நேற்று எழுதிய வாக்கியம் 'உஸ்னே ரோஸா கோலா.' கோலா என்றால் திறந்தார். 'முடித்தார்' என்று எழுதிவிட்டு, பாயிடம் கேட்டேன்.

"எதுக்கு மாத்துறீங்க? தமிழ்லயும் நோன்பு திறக்கிறதுதானே" என்றார்.