மூன்று மாதமா, 2.3 மாதமா: பாப்பாவின் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி எங்கே விழ வேண்டும்?

பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது என் மகளின் எடை 4.4 கிலோ, நீளம் 55 சென்டிமீட்டர். எடை போட்ட பெண் "எத்தனை மாசம்?" என்று கேட்டார். நம் வீடுகளில் நடக்கிற மாதத்தைத்தான் சொல்வோம் இல்லையா, அம்மா "மூணாவது மாசம் நடக்குது" என்றார். அட்டையில் 3 என்ற கோட்டின் மேல் புள்ளி விழுந்தது. அது பச்சைப் பகுதிக்குக் கீழே, மஞ்சளில். எடை குறைவு, தாய்ப்பால் போதவில்லை போல, பவுடர் பால் சேர்த்துக் கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு அதை ஏற்க முடியவில்லை. குழந்தை நன்றாகக் குடிக்கிறாள், ஒரு நாளில் ஆறேழு துணி நனைக்கிறாள், பிறந்த எடையிலிருந்து 1.8 கிலோ கூடியிருக்கிறாள். அதனால் வீட்டுக்கு வந்ததும் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பெண் குழந்தைகளுக்கான எடை அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் நாட்டு அட்டைகளில் அச்சாகியிருப்பதும் இதே கோடுகள்தான். ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து தயாரித்தது, அளந்த இடங்களில் டெல்லியும் ஒன்று, அதனால் "இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கவும் முடியாது.

முதலில் வயது. பிறந்தது 2023 நவம்பர் 25, எடை பார்த்தது 2024 பிப்ரவரி 3. நவம்பரில் மீதி 5 நாள், டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரியில் 3, ஆக மொத்தம் 70 நாள். இதை மாதமாக்க 30-ஆல் வகுக்கக் கூடாது, 28-ஆலும் கூடாது. வருடத்துக்குச் சராசரி 365.25 நாள், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மாதத்துக்கு 30.4375 நாள். 70-ஐ அதால் வகுத்தால் 2.3 மாதம். காலண்டர் கணக்கில் சொன்னால் 2 மாதம் 9 நாள். மூன்று இல்லவே இல்லை.

இந்த முக்கால் மாதம் பெரிய விஷயமா என்று கேட்டால், இந்த வயதில் மிகப் பெரிய விஷயம். அட்டவணையில் நடுக்கோடு பெண் குழந்தைக்கு 2 மாதத்தில் 5.1 கிலோ, 3 மாதத்தில் 5.8 கிலோ, அதாவது ஒரே மாதத்தில் 700 கிராம் ஏறுகிறது. நடுக்கோட்டுக்குக் கீழே வரிசையாக மைனஸ் 1, மைனஸ் 2 என்று கோடுகள் உண்டு, மைனஸ் 2-க்கும் கீழே போனால்தான் எடை குறைவு என்பார்கள். அந்த வயதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான், 600 முதல் 700 கிராம். ஆக வயதை ஒரு மாதம் கூட்டிப் போட்டால் குழந்தை ஒரு முழுக் கோடு கீழே இறங்கிவிடுவாள், அவள் உடம்பில் ஒரு கிராம்கூடக் குறையாமலே!

எங்கள் கணக்கு இப்படி வந்தது. 3 மாதத்தில் மைனஸ் 2 கோடு 4.5 கிலோ, 4.4 அதற்குக் கீழே, எனவே எடை குறைவு. ஆனால் 2.3 மாதத்துக்கு, அட்டவணையில் 2-க்கும் 3-க்கும் உள்ள எண்களுக்கு நடுவே பத்தில் மூன்று பங்கு நகர்ந்து பார்த்தால், மைனஸ் 2 கோடு 4.1, மைனஸ் 1 கோடு 4.7. அவள் இரண்டுக்கும் சரிபாதியில், மைனஸ் ஒன்றரையில் இருக்கிறாள். பிறந்தபோது 2.6 கிலோ. அந்த நாளுக்கான கோடுகள் 2.4, 2.8. அங்கேயும் சரிபாதி! பிறந்ததிலிருந்து தன் வழியிலேயே ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தையைத்தான் பால் போதாத குழந்தை என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீளத்திலும் அதே கதை. 55 சென்டிமீட்டர் என்பது 3 மாதத்தில் மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே (அங்கே 55.6), ஆனால் 2.3 மாதத்தில் 53.8-க்கும் 55.8-க்கும் நடுவே நன்றாக உள்ளே இருக்கிறது. எடையும் நீளமும் ஒரே சமயத்தில் ஒரே அளவு கீழே விழுந்தால், முதலில் வயதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயதே தேவைப்படாத வரைபடம் ஒன்றும் இருக்கிறது, நீளத்துக்கேற்ற எடை. 55 சென்டிமீட்டர் பெண் குழந்தைக்கு நடு எடை 4.5 கிலோ. 4.4 அதை ஒட்டியே இருக்கிறது. மெலிந்த குழந்தை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வேறொரு குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். அவர் தேதிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்து, மீண்டும் எடை போட்டு, பால் குடிப்பதையும் பார்த்துவிட்டு, பவுடர் பால் வேண்டாம், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அவர் சொன்ன இன்னொரு விஷயம்: கையால் புள்ளி வைக்கும்போது முடிந்த மாதத்தின் கோட்டிலேயே வைக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சி முறை, ஐந்தரை மாதக் குழந்தைக்கு 5-இல் வைப்பார்கள். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு முடிந்த வாரத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கென 13 வாரம் வரைக்கும் தனி வரைபடமே உண்டு. அது இல்லாமல் 2 மாதம் 28 நாள் குழந்தையை 2-இல் வைத்தால் எதிர்ப்பக்கம் தப்பு நடக்கும், உண்மையாகவே எடை குறைந்த பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரியும். எனக்கு இதுதான் இன்னும் ஆபத்தாகப் படுகிறது.

அப்புறம் நான் கூகுள் ஷீட்ஸில் பிறந்த தேதியை A2-விலும் எடை பார்த்த தேதியை B2-விலும் போட்டு இதை எழுதிக்கொண்டேன்:

```
=(B2-A2)/30.4375
```

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 3/2/2024 என்று அடித்தால் ஷீட்டின் அமைப்பைப் பொறுத்து அதை மார்ச் 2 என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது 70 நாள் 98 நாளாகிவிடும், வயது 3.2 மாதம் என்று வரும். அதனால் பக்கத்தில் வெறும் B2-A2 போட்டு நாள் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்வேன். வாரத்தை நான்கால் வகுத்து மாதமாக்குவதும் வேண்டாம். 24 வாரம் என்பது 6 மாதம் இல்லை, ஐந்தரைதான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் இரண்டு வயது வரை, 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ அதைக் கழித்துவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும். 33 வாரத்தில் பிறந்தவருக்கு 7 வாரம் கழியும்.

மார்ச் 6-ஆம் தேதி போனோம். 102 நாள், 3.35 மாதம், எடை 5 கிலோ. அந்த வயதுக்குக் கோடுகள் 4.7, 5.4. மறுபடியும் கிட்டத்தட்ட அதே மைனஸ் ஒன்றரை. பழைய புள்ளியை 3-லேயே விட்டிருந்தால் பத்தே நாளில் 600 கிராம் ஏறியது போல வரைபடம் செங்குத்தாகப் போயிருக்கும். இடையில் பவுடர் பால் கொடுத்திருந்தால் அந்த ஏற்றம் அதனால்தான் வந்தது என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள். அதனால் மருத்துவரே பழைய புள்ளியை அடித்துவிட்டு 2.3-இல் புதிதாக வைத்து, பக்கத்தில் தேதியையும் நாள் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்தார்.

பாப்பாவுக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. 11-இலிருந்து 12-வது மாதத்துக்கு நடுக்கோடு 200 கிராம்தான் ஏறுகிறது, கோடுகளுக்கு இடையே ஒரு கிலோ இருக்கிறது, எனவே பத்து நாள் முன்னே பின்னே போனாலும் புள்ளி பெரிதாக நகராது. இப்போதெல்லாம் முடிந்த மாதத்தை மட்டும் எண்ணி வைக்கிறேன். என் கவனம் முழுக்க நீளம் அளக்கும்போது அவள் முழங்கால் மடங்காமல் பிடிப்பதில்தான்.