ஒரே காலுக்கு மூன்று பெயர்

ஓடத் தொடங்கி நான்காவது வாரத்தில் இடது கணுக்காலின் உட்புறத்தில் ஒரு மந்தமான வலி வந்தது. நடக்கும்போது தெரியாது, ஓடி முடித்து உட்கார்ந்தால் தெரியும். பழகியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "உனக்குத் தட்டைப் பாதமாக இருக்கும், காலை நனைத்துக் காகிதத்தில் வைத்துப் பார்." பார்த்தேன். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செய்முறை எளியது. அகலமான தட்டில் அரை விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பழுப்பு அட்டை. உள்ளங்காலை நனைத்து, அட்டையில் வைத்து, எடுத்துவிட்டுச் சுவட்டைப் பார்க்க வேண்டும். முன்பாதத்தையும் குதிகாலையும் இணைக்கும் பட்டை, நடுவில் பாதத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி இருந்தால் சராசரி வளைவு. பட்டை நூலாக மெலிந்தாலோ காணாமல் போனாலோ உயர்ந்த வளைவு. உள்பக்கம் குழிவே இல்லாமல் நிரம்பியிருந்தால் தட்டைப் பாதம். இவ்வளவுதான் எல்லோரும் சொல்வது.

என் முதல் சுவடு நடுவில் நன்றாக நிரம்பியிருந்தது. தட்டைப் பாதம் என்று முடிவு கட்டி, அதற்கென்றே விற்கும் விலை கூடிய ஷூக்களைப் பார்க்கவும் தொடங்கிவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம்: காலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அல்லவா வைத்தேன்? தோலுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அதை நிரப்பிக்கொள்ளும். தோல் தொடாத இடமும் நனைந்துவிடும். வளைவின் ஓரத்தில் தோல் தரையை விட்டு மெதுவாகத்தான் எழும்புகிறது. அதனால் இந்த ஏமாற்று வேலை அதிகம் நடப்பதும் நாம் பார்க்க விரும்பும் அதே இடத்தில்தான்.

இரண்டாம் முறை, நனைத்த காலை ஒரு துணியில் ஒரு முறை ஒற்றிவிட்டு வைத்தேன். செய்தித்தாளை விட்டுவிட்டேன், அது ஈரத்தை உறிஞ்சிப் பக்கவாட்டில் பரப்பும். காலை எடுத்த உடனே பென்சிலால் விளிம்பை வரைந்தேன், ஏனென்றால் மெல்லிய ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்து ஒரு நிமிடத்தில் சுவட்டைச் சுருக்கிவிடும். இப்போது பட்டை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. பாதியா, பாதிக்குக் கொஞ்சம் கூடவா? நான் ஒன்று சொன்னேன், வீட்டில் இன்னொருவர் வேறொன்று சொன்னார்.

கண் மதிப்பு உதவாது என்றானபின் கணக்குக்குப் போனேன். இதற்கு ஒரு முறை ஏற்கெனவே உண்டு. 1987இல் கவானா, ரோட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வளைவுக் குறியீடு அது. விரல்களை விட்டுவிட வேண்டும். குதிகாலின் நடுவிலிருந்து இரண்டாவது விரலை நோக்கி ஒரு கோடு. விரல்கள் நீங்கலான சுவட்டின் நீளத்தை அந்தக் கோட்டின் வழியே மூன்று சம பங்காகப் பிரித்து, நடுப் பங்கின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். விடை 0.21க்குள் இருந்தால் உயர்ந்த வளைவு, 0.26ஐ எட்டினாலோ தாண்டினாலோ தட்டை, இடையில் இருந்தால் சராசரி.

சுவட்டின் வரைகோட்டை ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளுக்கு மாற்றினேன். விரல் நீங்கலாக நீளம் 20.4 சென்டிமீட்டர், ஆக ஒவ்வொரு பங்கும் 6.8. முழுக் கட்டங்களை அப்படியே எண்ணினேன்; வெட்டுப்பட்டவற்றில் பாதிக்கு மேல் நிரம்பியதை ஒன்றாகக் கொண்டு, மற்றதை விட்டுவிட்டேன். ஒற்றியெடுத்த சுவட்டில் முன்பங்கு 43, நடுப்பங்கு 25, குதிகால் பங்கு 32, மொத்தம் 100. குறியீடு 0.25, சராசரி. சொட்டச் சொட்ட வைத்த முதல் சுவட்டையும் அன்றே வரைந்து வைத்திருந்தேன். அதில் 44, 28, 33, மொத்தம் 105. 28ஐ 105ஆல் வகுத்தால் 0.27, தட்டை. நடுவில் வெறும் மூன்று கட்டம், அதுவும் தண்ணீர் வரைந்த கட்டம், என் காலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சுவடும் எடுத்தேன். 40, 18, 30. மொத்தம் 88, குறியீடு 0.20. இப்போது எனக்கு உயர்ந்த வளைவு! ஒரே கால், ஒரே மாலை, மூன்று விடை.

உட்கார்ந்து எடுத்த சுவட்டைத் தவறு என்று தள்ளிவிடலாம், எடை ஏறாத காலை அளப்பதால் அந்த எல்லைகள் அதற்குப் பொருந்தா. ஆனால் நின்று எடுக்கும்போதும் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. அட்டையைக் குனிந்து பார்த்தால் எடை முன்னே போகிறது. ஒரு காலை மட்டும் பயந்து பயந்து வைத்தால் முழு எடை ஏறுவதில்லை. நடந்து வந்து மிதித்தால் குதிகாலிலிருந்து விரல் வரை உருண்டு போன கால் எங்கெல்லாம் தொட்டதோ அதெல்லாம் பதிந்துவிடும். நான் கடைசியில் ஒரு வழக்கத்துக்கு வந்தேன்: இரண்டு கால்களிலும் சமமாக நின்று, நேரே சுவரைப் பார்த்து, ஐந்து எண்ணிவிட்டுக் காலை நேர்மேலே எடுப்பது. அப்படி ஒவ்வொரு காலுக்கும் மூன்று சுவடு. மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் மட்டுமே அது என் கால். இல்லாவிட்டால் அது என் நிற்கும் விதம்.

அப்படியே எடுத்தும் வலி போகவில்லை என்பதால், அட்டைகளைச் சுருட்டிக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் அவற்றைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது பெரிய ஆறுதல். "இது தோல் எங்கே தரையைத் தொடுகிறது என்று சொல்கிறது. எலும்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இதற்குத் தெரியாது," என்றார். உள்ளங்காலில் சதைப்பற்று அதிகமுள்ளவருக்கு எலும்பு வளைவு நன்றாக இருந்தாலும் நடுப்பகுதி நிரம்பித் தெரியும். சிறு குழந்தைகளின் பாதத்தில் கொழுப்புத் திண்டு இருப்பதால் பெரும்பாலும் தட்டைச் சுவடுதான் விழும். வளைவு பள்ளிப் பருவத்தில்தான் மெல்ல உருப்பெறுகிறது. என் அண்ணன் மகளின் சுவட்டைப் பார்த்து வீட்டில் எழுந்த கலவரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியது.

பிறகு எலும்பையே அளந்தார். கணுக்காலின் உட்புற முட்டுக்குச் சற்றுக் கீழே, முன்னால், விரலால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். படகு வடிவ எலும்பு என்று பெயர். அதன் மேல் பேனாவால் ஒரு புள்ளி. உட்கார்ந்த நிலையில் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சாயாமல் வைத்து, பக்கத்தில் ஓர் அட்டையை நிறுத்திப் புள்ளியின் உயரத்தைக் குறித்தார்: 48 மில்லிமீட்டர். எழுந்து நின்றபின்: 41. எடை ஏறியதும் வளைவு 7 மில்லிமீட்டர் இறங்குகிறது. பத்துக்கு மேல் இறங்கினால்தான் அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இதுவும் துல்லியமான கருவி அன்று. புள்ளி வைக்கும் கை கொஞ்சம் நகர்ந்தாலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். ஆனாலும் சுவட்டுக்குத் தெரியாத ஒன்று இதற்குத் தெரிகிறது: வளைவு எவ்வளவு அசைகிறது என்பது.

அடுத்து நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். குதிகால்கள் உள்நோக்கித் திரும்பின, வளைவு எழும்பியது. தட்டையாகத் தெரியும் கால் இப்படி எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. எழும்பாமல் விறைப்பாகவே இருந்தால்தான் ஆராய வேண்டும். என் அண்ணன் முதல் வகை. அவர் சுவடு செங்கல்லை நனைத்து வைத்ததுபோல் இருக்கும். என்னைவிட இரு மடங்கு தூரம் ஓடுவார், ஒரு நாளும் கால் வலித்ததில்லை. இந்த நியாயமின்மையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாக இடது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். இதுதான் அவருக்கு உண்மையில் வேண்டியிருந்த சோதனை என்பது பிறகுதான் புரிந்தது. கணுக்காலின் உட்புறம் சுற்றி வரும் ஒரு தசைநாண் வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. பெரியவர்களுக்கு அது நலிந்தால் ஒரு பக்கத்து வளைவு மட்டும் காலப்போக்கில் சரியும். அந்தக் காலில் தனியாகக் குதிகாலை உயர்த்த முடியாது, அல்லது வலிக்கும். நான் வலதில் இருபது முறை உயர்த்தினேன்; இடதில் பன்னிரண்டோடு நடுங்கிவிட்டது. தசைநாண் அறுபடவில்லை, களைத்திருக்கிறது என்றார். ஓடும் தூரத்தை நான்கு வாரத்தில் நான் மும்மடங்காக்கியிருந்ததைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை எழுத வேண்டியதில்லை. இரண்டு கால்களின் சுவடு பழையபடி ஒத்திருக்காமல், ஒன்று மட்டும் மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போனால் உடனே வரச் சொன்னார். வீட்டுச் சோதனைக்கு அவர் கொடுத்த ஒரே உத்தியோகம் இதுதான்.

ஷூவைப் பற்றிக் கேட்டேன். சுவட்டை வைத்து ஷூ தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி முகாம்களில் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள் என்றார். தரைப்படை, விமானப்படை, மரீன் படை என மூன்றிலும், 2010ஐ ஒட்டி வெளியான ஆய்வுகள். ஒரு குழுவுக்கு உள்ளங்கால் பதிவின் வடிவத்துக்கு ஏற்ற ஷூ. மற்றக் குழுவில் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து, ஓடிப் பார்த்து, உறுத்தாததை வாங்கச் சொன்னார். வாங்கியது என் "வகை"க்கு ஆனதா என்று பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

தூரத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் உயர்த்தும் பயிற்சி. முதலில் இரு காலில், பிறகு ஒற்றைக் காலில். ஆறாவது வாரத்தில் இடதுகாலும் இருபதைத் தொட்டது, வலி போய்விட்டது. அன்று மாலை பழைய தட்டை எடுத்து, துணியில் ஒற்றி, சுவரைப் பார்த்து ஐந்து எண்ணி மறுபடி ஒரு சுவடு எடுத்தேன். நடுப்பங்கில் கட்டங்களை இரண்டு முறை எண்ணினேன். அதே 25.