போனுக்குச் சேர வேண்டிய விற்பனை

உட்கார்ந்து வேலை செய்வோருக்கான நாற்காலிகளை இணையத்தில் விற்கும் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த விளம்பரத்தால் எத்தனை ஆர்டர் வந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பொறுப்பு. அங்கே நான் எழுதிக் கொடுத்த ஒரு பரிந்துரை தவறாகப் போனது. அதைச் சரிசெய்யப் போய்த்தான் இந்தத் துறையில் நான் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன்.

அப்போது வாரத்துக்குச் சுமார் 3,000 ஆர்டர் வரும். போனில் மட்டும் காட்டும்படி அமைத்த சமூக ஊடக விளம்பரங்களின் பெயரில் அதில் 125 தான் பதிவாகும், கிட்டத்தட்ட 4 சதவீதம். ஆனால் செலவில் அவற்றின் பங்கு இதைவிடப் பல மடங்கு. லேப்டாப்பில் எங்கள் பெயரைத் தேடி வருபவர்களுக்காகக் கொடுத்த தேடல் விளம்பரமோ மிகக் குறைந்த செலவில் கொட்டிக் கொடுத்தது. போன் விளம்பரத்தை நிறுத்திவிடலாம் என்று எழுதினேன். நிறுத்தினார்கள். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் லேசாகக் குறைந்தது. மூன்றாவது வாரம் ஆர்டர் 2,640. குறைந்ததில் பெரும்பகுதி லேப்டாப்பில் பெயரைத் தேடி வந்தவர்களிடமும், எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியாத ‘நேரடி வருகை’யிலும்தான். நாங்கள் கை வைக்காத இடத்தில் குறைந்திருந்தது.

காரணம் எளிமையானது. அளவிடும் கருவி ஆளைப் பார்ப்பதில்லை, பிரவுசரைத்தான் பார்க்கிறது. வந்தவரை மறுபடி அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் குக்கி என்ற சிறு பதிவு, போனிலிருந்து லேப்டாப்புக்குப் போகாது. இரவு படுக்கையில் போனில் விளம்பரத்தைத் தொட்டு நாற்காலியைப் பார்த்தவர், ஒரு வாரம் கழித்து லேப்டாப்பில் எங்கள் பெயரைத் தேடி வாங்கினால், அளவிடும் கருவிக்கு அவர் இரண்டு பேர். முதலாமவர் வாங்காமல் போய்விட்டார், இரண்டாமவர் தேடலில் வந்தார். ஒரே போனுக்குள்கூட இது நடக்கும். சமூக ஊடகச் செயலிக்குள் திறக்கும் பக்கத்தின் குக்கி வேறு, அதே போனில் இருக்கும் சஃபாரி அல்லது குரோமின் குக்கி வேறு.

இது தெரியாதவன் அல்ல நான். அந்த ஓட்டை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். அறிகுறிகள் என் அறிக்கையிலேயே கிடந்தன. போனுக்கு மட்டும் என்று அமைத்த விளம்பரத்தின் பெயரில் சில லேப்டாப் வருகைகள் பதிவாகியிருந்தன. ஏதோ பிழை என்று ஒதுக்கியிருந்தேன். திரும்பப் பார்த்தபோது அந்த முகவரிகளில், எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று காட்டும் utm_source, fbclid போன்ற குறிகள் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. போனில் பார்த்த இணைப்பைத் தனக்குத்தானே மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பிக்கொண்டு, பிறகு லேப்டாப்பில் திறந்திருக்கிறார்கள். (ஐபேடை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2019ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் அதிலுள்ள சஃபாரி பெரும்பாலும் தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. அவற்றைத் திரை அளவை வைத்துக் கழித்தோம்.) இன்னொரு அறிகுறி, ‘நேரடி வருகை’ என்று பதிவானவர்களில் பலர் முகப்புப் பக்கத்துக்கு வராமல் ஒரு குறிப்பிட்ட நாற்காலியின் பக்கத்தில் நேராக இறங்கியிருந்தார்கள். அத்தனை நீள முகவரியை யாரும் கையால் தட்டச்சு செய்ய மாட்டார்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு? அங்கேதான் எங்களுக்குள் வாதம் தொடங்கியது.

முதலில் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டோம். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே மின்னஞ்சலால் உள்நுழைந்தவரை ஒரே ஆள் என்று உறுதியாகச் சொல்லலாம். இதிலேயே ஒரு தடுமாற்றம் வந்தது. மின்னஞ்சலை அப்படியே வைத்துக்கொள்ளாமல் SHA-256 ஹேஷாக, அதாவது திரும்பப் படிக்க முடியாத ஓர் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் ஒப்பிடுவோம். ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் முழுக்க மாறிவிடும். எங்கள் படிவத்தில் மின்னஞ்சல் பெட்டி, மின்னஞ்சலுக்கானது என்று குறிக்கப்படாமல், சாதாரண எழுத்துக்கான type="text" என்று இருந்தது. அதனால் போன் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியது, சில நேரம் கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்தது. லேப்டாப்பில் அப்படி ஆவதில்லை. ஆகவே ஒரே ஆளின் இரண்டு ஹேஷும் பொருந்தவில்லை, அதுவும் எங்களுக்கு வேண்டிய போன்-லேப்டாப் ஜோடிகளில்தான் அதிகம் பொருந்தவில்லை. ஹேஷ் போடுவதற்கு முன், ஓரத்து இடைவெளிகளை நீக்கி எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சரியானது:

```
email = email.trim().toLowerCase();
```

அதற்குப் பிறகு வந்த எண்ணிக்கை எங்களை மயக்கியது. உள்நுழைந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், போன் விளம்பரம் தொட்ட ஆர்டர்கள் அறிக்கையில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. மேலாளர் உடனே, “அப்ப எல்லா எண்ணையும் அஞ்சால பெருக்கிடலாமா?” என்று கேட்டார். எனக்கு ஒப்பவில்லை. போனில் உள்நுழைந்தபடி இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள். புதிதாக வருகிறவர்கள் அவர்களைப்போல நடந்துகொள்வார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. போனையும் லேப்டாப்பையும் இணைத்துவிட்டால் ஒருவர் வந்த பாதை தெரியும். விளம்பரத்தைப் பார்க்காவிட்டாலும் அவர் வாங்கியிருப்பாரா என்பது அதில் தெரியாது. பழைய வாடிக்கையாளர்களில் பலர் இரண்டாவது நாற்காலிக்கு எப்படியும் வரத்தான் போகிறார்கள். வழியில் எங்கள் விளம்பரத்தைத் தொட்டதற்காக அதை விளம்பரத்தின் விற்பனை என்று எழுதினால், இந்த முறை எதிர்ப்பக்கம் தவறு செய்கிறோம்.

அளவிடும் கருவியே இதை ஊகித்துத் தரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2024 பிப்ரவரியில் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தன் அறிக்கைகளில் ஆளை அடையாளம் காண்பதற்கு, கூகுள் கணக்கில் உள்நுழைந்தவரின் போனையும் லேப்டாப்பையும் இணைத்துப் பார்க்கும் கூகுள் சிக்னல்ஸைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. ஐஃபோனில் 2021ன் ஐஓஎஸ் 14.5 முதல், பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும். இணைப்புகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன.

அடுத்த யோசனை சோதனை. தொழில்நுட்பப் பிரிவில் இருந்த தோழி, பிரவுசர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் அது ஏன் பலிக்காது என்று புரிந்தது. ஒருவரின் போன் ‘காட்டு’ பக்கம் விழுகிறது, அவருடைய லேப்டாப் தனியாகக் குலுக்கப்பட்டு ‘காட்டாதே’ பக்கம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைப் பார்த்தது போன், ஆர்டர் பதிவானது லேப்டாப். லேப்டாப் எந்தப் பக்கம் இருந்தாலும், அதன் சொந்தக்காரர் போனில் விளம்பரம் பார்த்திருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். ஆக, லேப்டாப் விற்பனை இரண்டு பக்கமும் சமமாக வரும், அதில் விளம்பரத்துக்குப் பலனே இல்லை என்று சோதனை சொல்லும். எவ்வளவு பெரிய பலன் இருந்தாலும் அப்படித்தான் சொல்லும். தோழி அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஆளைப் பிரிக்க முடியாதுன்னா ஊரைப் பிரிக்கலாமே” என்றார். போனும் லேப்டாப்பும் வேறு வேறாக இருந்தாலும் அவற்றின் சொந்தக்காரர் ஒரே ஊரில்தானே இருக்கிறார்.

விளம்பரத்தை எல்லா இடத்திலும் மீண்டும் ஓடவிட்டு, விற்பனை பழைய நிலைக்கு வரும்வரை பொறுத்தோம். அப்புறம் விற்பனைப் பகுதிகளை ஒத்த ஜோடிகளாக அமைத்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து அங்கே மட்டும் போன் விளம்பரத்தை நிறுத்தினோம். ஓர் ஊரில் வசித்து அடுத்த ஊரில் வேலை பார்ப்பவர்கள் அதிகமுள்ள இடங்களில் இரண்டு ஊரையும் ஒரே பகுதியாக வைத்தோம். ஆர்டர் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை ஐபி முகவரியை வைத்து முடிவு செய்யவில்லை. அலுவலக லேப்டாப் வி.பி.என். வழியாகப் போனால் வேறு ஊரில் இருப்பதுபோலக் காட்டும், எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அலுவலக லேப்டாப்காரர்கள். நாற்காலி போய்ச் சேரும் முகவரியை எடுத்துக்கொண்டோம். எண்ணிக்கையையும் விளம்பரத் தளங்களிடம் கேட்காமல் எங்கள் ஆர்டர் தரவுத்தளத்திலிருந்தே எடுத்தோம். முன்பு நிறுத்தியபோது விற்பனை குறையவே இரண்டு வாரம் ஆனதால், இந்த முறை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த நான்கு வாரங்களை மட்டும் எண்ணினோம்.

சோதனைக்கு முந்தைய நான்கு வாரங்களில், விளம்பரம் தொடரப்போகும் பகுதிகளில் 6,100 ஆர்டர், நிறுத்தப்போகும் பகுதிகளில் 5,900. சோதனையின்போது தொடர்ந்த பகுதிகளில் 6,400 வந்தது. பழைய விகிதப்படி பார்த்தால் நிறுத்திய பகுதிகளில் சுமார் 6,190 வந்திருக்க வேண்டும். வந்தது 5,450. இடைவெளி 740. அறிக்கையின் 4 சதவீதக் கணக்குப்படி அங்கே போன் விளம்பரத்தால் வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 250 தான்.

இந்த 740 தற்செயலாக வந்ததாக இருந்தால்? அதைப் பார்க்க, விளம்பரத்தில் எந்த மாற்றமும் செய்யாத பழைய மாதங்களை எடுத்து, அதே பகுதிகளை வைத்து அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டோம். ஒன்றும் நடக்காத காலத்திலும் இடைவெளி வந்தது, ஆனால் ஒருமுறைகூட 310ஐத் தாண்டவில்லை. ஆகவே உண்மை 430க்கும் 1,050க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். கீழ் எல்லையை எடுத்தாலும் அறிக்கை காட்டியதைவிட அதிகம், நடு மதிப்பை எடுத்தால் மூன்று மடங்கு. ஐந்து மடங்கு இல்லை. வாரத்துக்குச் சில நூறு ஆர்டர் மட்டும் வரும் நிறுவனமாக இருந்திருந்தால் இந்தச் சோதனையில் எதுவும் தெரிந்திருக்காது. ஊருக்கு ஊர் வரும் இயல்பான ஏற்ற இறக்கமே பலனை மூடிவிடும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் பல வாரம் ஓட்ட வேண்டும், அல்லது வாங்கியவர்களிடம் “முதலில் எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டு அந்தப் பதில்களை வைத்துத் தோராயமாக ஓட்ட வேண்டும்.

போன் விளம்பரம் திரும்ப வந்தது, பழைய அளவில் அல்ல. மூன்று மடங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டபோது அதன் செலவு சரியாகத்தான் இருந்தது, இன்னும் கூட்டும் அளவுக்கு இல்லை. பெயரைத் தேடி வருபவர்களுக்கான விளம்பரத்தைத்தான் குறைத்தோம். போன் செய்த வேலைக்கு அதுதான் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து, முதுகுக்கு வைக்கும் சிறிய திண்டுக்கும் அதே சோதனையைச் செய்தோம். அறிக்கை காட்டியதும் சோதனை காட்டியதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. திண்டை யாரும் லேப்டாப் வரை கொண்டுபோய் யோசிப்பதில்லை, போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு எங்கள் வாராந்திர அறிக்கையில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கான மடங்கு தனியாக இடம்பெற்றது, பக்கத்தில் அதைக் கடைசியாகச் சோதித்த தேதியோடு.