வாலைத் தூக்கிப் பார்த்திருந்தால்: எங்கள் பட்டிக்கு அம்மை வந்த இரண்டு மாதம்

சந்தையிலிருந்து இரண்டு கிடா வாங்கி வந்தேன். வேம்பூர்ச் செம்மறி ஆடு, நல்ல பொட்டு, நல்ல உயரம். வாங்கிய சந்தோஷத்தில் அன்று மாலையே பட்டிக்குள் விட்டுவிட்டேன். அதில் ஒன்று வரும்போதே மூக்கொழுகிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனி என்று நினைத்தேன். பட்டியில் அப்போது 56 பெட்டையும் 22 குட்டியும் இருந்தன.

பதினோராவது நாள் காலையில் நாலைந்து ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பவில்லை. கண்ணில் நீர் வடிந்தது, இமை வீங்கியிருந்தது, காதைத் தொட்டால் சுட்டது. சளிக்குத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நான் இருந்தபோது, பக்கத்துக் கிடைக்காரர் சித்தப்பா வந்து எதுவும் பேசாமல் ஒரு ஆட்டைப் பிடித்து வாலைத் தூக்கினார். வாலின் அடியில், முடியில்லாத தோலில், துவரம்பருப்பு அளவில் சிவப்பாகப் பத்துப் பன்னிரண்டு தடிப்பு. தொடை இடுக்கிலும் முன்னங்கால் கக்கத்திலும் அதேபோல. "அம்மைடா. முகத்துல வர்றதுக்கு முன்னாடி இங்கதான் தெரியும். இன்னைக்கே டாக்டரைக் கூப்பிடு" என்றார்.

கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்தேன். எங்கள் கால்நடை மருந்தக டாக்டரும் மதியம் வந்தார். அவர் முதலில் வாயைத்தான் திறந்து பார்த்தார். ஆட்டுக்கு வரும் வாய்ப்புண்ணும் பொருக்குக் கட்டும் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். வாய்ப்புண்ணில் பொருக்கு பெரும்பாலும் உதட்டோரத்திலேயே நிற்கும், காய்ச்சல் பெரிதாக இருக்காது, கையில் கீறல் இருந்தால் நமக்கும் ஒட்டும். அம்மையில் காய்ச்சல் முந்திக்கொள்ளும். எங்கள் ஆடுகளுக்கு 105, 106 டிகிரி இருந்தது. தடிப்பு உடம்பில் முடி குறைந்த இடமெல்லாம் பரவும்: மூக்குத் துவாரம், இமை, மடி, விதைப்பை, வாலடி. தோளுக்கு முன்னால் தடவினால் நெல்லிக்காய் மாதிரி நெறி கட்டியிருக்கும். இது மனிதருக்குத் தொற்றுவதில்லை என்று கேட்டபிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. உறுதிப்படுத்த இரண்டு தடிப்பின் தோலைச் சிறிய பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்பதையும் அவர்தான் சொன்னார். விற்காதே, கிடை மாற்றாதே, ஊர்க் கண்மாயில் தண்ணீர் காட்டாதே என்றார். அந்த வாரம் ஒரு தோட்டத்தில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பணம் போனது.

பிறகு நடந்த வேலைதான் பட்டியைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன். ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தோம், வாலைத் தூக்கிப் பார்த்தோம். தடிப்பு வந்தவை பதினொன்று. தடிப்பில்லை, ஆனால் காய்ச்சல் இருந்தவை பதின்மூன்று. சுத்தமாக இருந்தவை 56. மூன்றையும் மூன்று இடத்தில் கட்டினோம். நோய் கண்டவை காற்று போகும் திசையில் கடைசியில். சுத்தமான பட்டிக்குத் தீனி, தண்ணீர் வைத்த பிறகுதான் நோய்ப் பட்டிக்குப் போவேன், அங்கிருந்து குளித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

தடுப்பூசி அந்த 56-க்கு மட்டும். காய்ச்சல் கண்டதற்குப் போட்டுப் பயனில்லை. உயிருள்ள, ஆனால் வீரியம் குறைத்த கிருமி அந்த மருந்து என்பதால் வெயிலும் சூடும் அதைக் கொன்றுவிடும். டாக்டர் நிழலில் உட்கார்ந்து கரைத்து, பாட்டிலை ஐஸ் மேலேயே வைத்திருந்தார். கரைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தோம், மீந்ததைக் கொதிக்க வைத்துக் கொட்டினோம். ஆட்டுக்கு ஒரு ஊசி முனை. இதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஏற்கனவே உள்ளே கிருமி இருக்கும் ஆட்டைக் குத்திய முனையால் அடுத்ததைக் குத்தினால், நோயை நாமே ஏற்றிவிடுகிறோம். என்னிடம் இருந்த ஏழு வெள்ளாட்டைப் பற்றிக் கேட்டேன். அவற்றுக்கான அம்மைத் தடுப்பூசி வேறு, இதைப் போடக்கூடாது, தள்ளிக் கட்டு என்றார். அவற்றுக்கு நோய் வரவில்லை.

அடுத்த எட்டு நாளில் ஊசி போட்டதிலும் ஆறு ஆட்டுக்குத் தடிப்பு வந்தது. "ஊசிதான் அம்மையை இழுத்துவிட்டது" என்று ஊரில் பேச்சு. எனக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் வந்தது. ஆனால் கணக்குப் பார்த்தால் புரியும். கிருமி புகுந்து காய்ச்சல் காட்ட நாலு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். ஊசி முழுப் பாதுகாப்பு தர இரண்டு மூன்று வாரம் வேண்டும். அந்த ஆறும் ஊசி போட்ட அன்றே கிருமியைச் சுமந்தவை. இரண்டாவது வாரம் தாண்டிய பிறகு ஒரு புது ஆட்டுக்கும் வரவில்லை. காய்ச்சலோடு தனியே கட்டிய பதின்மூன்றில் பத்துக்குத் தடிப்பு வந்தது. ஆக மொத்தம் இருபத்தேழு.

கிருமிக்கென்று மருந்து கிடையாது. புண்ணில் சீழ் பிடிக்காமலும் நெஞ்சில் சளி கட்டாமலும் டாக்டர் ஐந்து நாள் ஊசி போட்டார். நான் புண்ணைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்பு நீரில் துடைத்து, ஈ மொய்க்காமல் ஓரங்களில் வேப்பெண்ணெய் தடவினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், எரிச்சல் தணிந்தது. அது நோயைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லமாட்டேன். வாயில் புண் இருந்தவற்றுக்கு அகத்திக் கீரையும் கேழ்வரகுக் கூழும். கூழை ஒரு குட்டிக்குத் தலையை அண்ணாத்தி ஊற்றினேன். இருமியது, மறுநாள் மூச்சுத் திணறிச் செத்தது. நோய் நுரையீரலிலும் தடிப்பு போடும், ஏற்கனவே இரைக்கும் ஆட்டுக்குக் கூழ் புரை ஏறினால் தாங்காது. அதன் பிறகு விரலில் தொட்டு நக்க வைத்தேன். மொத்தம் ஆறு குட்டி, மூன்று பெரிய ஆடு போயின. பெரியதில் ஒன்றுக்கு மேல்தோலில் நாலே நாலு தடிப்புதான். இரைப்பு மட்டும் நிற்கவே இல்லை. தோலைப் பார்த்து மட்டும் நோயின் கடுமையை எடை போடக்கூடாது என்று அன்று தெரிந்தது. செத்தவற்றைத் தோல் உரிக்காமல் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

தடிப்பு கருத்துப் பொருக்காகி, ஐந்தாறு வாரத்தில் உதிரத் தொடங்கியது. ஆடு மேய ஆரம்பித்துவிட்டதே என்று மனசு இளகும் நேரம் அதுதான். உதிர்ந்த காய்ந்த பொருக்கில் கிருமி மூன்று மாதம் வரை கிடக்கும், நிழலான பட்டியில் ஆறு மாதம்கூட. அதனால் ஒட்டியிருந்ததைப் பிய்க்காமல் தானாக விழவிட்டு, தினமும் கூட்டி எரித்தேன். கடைசிப் பொருக்கு விழுந்ததும் பட்டியின் சாணத்தையும் மேல்மண்ணையும் நாலு விரல் ஆழம் சுரண்டிக் குழியில் போட்டு மூடினேன். அந்தப் புழுக்கையை உரமென்று யாருக்கும் கொடுக்கவில்லை. தொட்டி, கயிறு, கத்தியைச் சலவைச் சோடா கரைசலில் கழுவி, தரையில் ப்ளீச்சிங் கரைசல் தெளித்து, கூரைக் கீற்றைப் பிரித்து வெயில் விழவிட்டேன். குட்டிகளை அடைக்கும் கூடாப்பு பழையது, எரித்தே விட்டேன்.

முந்தைய வருடம் ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தபோது என் ஆடுகள் வெளியூர்க் கிடையில் இருந்தன. திரும்பியதும் மருந்தகம் போய்க் கேட்கவில்லை. இந்த வருடம் கிடை கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, மூன்று மாதம் தாண்டிய குட்டி உட்பட எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று. புதிதாக வாங்கும் ஆடு மூன்று வாரம் தோட்டத்து வேம்படியில் தனியாக நிற்கும். தினமும் காலையில் அதன் வாலைத் தூக்கிப் பார்ப்பது என் மகளின் வேலை.