மூணு துண்டா அனுப்பின எஸ்எம்எஸ், மூணாவது மட்டும் வரவே இல்ல

அப்பாடா, ஒருவழியா முடிஞ்சுது. மோடத்துக்கு வர்ற எஸ்எம்எஸ்ஸ கம்ப்யூட்டர்ல சேமிக்கணும், அவ்ளோதான் வேலை. சிம் போட்டு கனெக்ட் பண்ணதுல பிரச்சினையே இல்ல, சின்ன மெசேஜ் எல்லாம் உடனே வந்துச்சு. தமிழ்ல நீளமா ஒண்ணு வந்ததும்தான் கூத்து.

தமிழ் மெசேஜ்ல 70 குறிக்கு மேல போனா துண்டாகிடும், துண்டுக்கு 67தான். இதுல "கொ"ன்னா க ஒண்ணு, கொம்பும் காலும் சேர்ந்து இன்னொண்ணு. அதனால எனக்கு வந்த ஒரு துண்டு, புள்ளி வட்டத்தோட "◌ொ"ன்னு ஆரம்பிச்சு நிக்குது, அதோட "க" இருக்குற முதல் துண்டு அதுக்கு அப்புறமா வருது. மூணாவதக் காணோம்.

வித்தவங்க சப்போர்ட்ல கேட்டா "நெட்வொர்க் ஸ்லோ சார், டைம் பார்த்து அடுக்கிக்கோங்க"ன்னாங்க. அதக் கேட்காதீங்க. டைம்ல நொடி வரைக்கும்தான் இருக்கும், எனக்கு வந்த ரெண்டுலயும் ஒரே நொடி. டெக்ஸ்ட் மோட்ல இருக்குற வரைக்கும் இதுக்கு விடிவே இல்ல, பிடியூ மோடுக்கு மாறுங்க:

```
AT+CMGF=0
AT+CMGL=4
```

இப்ப ஒவ்வொரு துண்டுலயும் மெசேஜுக்கு முன்னாடி குட்டியா ஒரு ஹெடர் தெரியும். எனக்கு வந்தது `05 00 03 A7 03 02`. A7 அந்த மெசேஜோட அடையாள எண், 03 மொத்த துண்டு, 02 இது எத்தனாவதுங்கறது. வரிசை இதுலயே இருக்கு, எப்ப வந்தா என்ன! ஆனா அடையாள எண் 255 தாண்டினா திரும்ப முதல்லேர்ந்து வரும், அதனால அனுப்பின நம்பரையும் மொத்தத்தையும் சேர்த்தே பொருத்துங்க. பைட்டா ஒட்டிட்டு கடைசில எழுத்தா மாத்துங்க, இல்லன்னா ரெண்டு துண்டுக்கு நடுவுல மாட்டுற இமோஜி உடைஞ்சு கட்டம் கட்டமா வரும்.

சரி, மூணாவது எங்க? `AT+CPMS?` அடிச்சா `"SM",20,20`. சிம் ஃபுல்! மோடத்தோட குடுத்த சாம்பிள் ஸ்கிரிப்ட், மெசேஜ் முழுசா சேர்ந்தாதான் சிம்லேர்ந்து அழிக்கும், சிம்ல இடம் இல்லாம மூணாவது துண்டு எஸ்எம்எஸ் சென்டர்லயே காத்துக்கிட்டு இருக்கு, அது வராம மெசேஜ் சேராது, சேராம இது அழிக்காது. இத எழுதின புண்ணியவான் ஒரு நீள மெசேஜாவது அனுப்பிப் பார்த்திருப்பாரா?

துண்டு வந்ததும் டேட்டாபேஸ்ல போட்டுட்டு `AT+CMGD` வச்சு உடனே அழிக்கற மாதிரி மாத்தினேன், கொஞ்ச நேரத்துல மூணாவது தானா வந்து ஒட்டிக்கிச்சு.

இன்னும் ரெண்டு விஷயம். அதே துண்டு ரெண்டு தடவை வரலாம், எண்ணிக்கைய மட்டும் பார்த்து முழுசா வந்துடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, 1, 2, 3 தனித்தனியா இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஹெடர் `06 08 04`ன்னு ஆரம்பிச்சா அடையாள எண் ரெண்டு பைட், அதையும் படிக்கத் தெரியணும். சாம்பிள் ஸ்கிரிப்ட்ல அதுவும் கிடையாது.