B' மட்டும் தெரிந்த படம்

மாலை வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு மாணவர்கள் கட்டத்தாள் படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, "இதன் அணி என்ன சார்?" என்று கேட்பார்கள். அப்படி வந்த ஒரு படத்துக்குத் தப்பாக விடை சொல்லியிருக்கிறேன்.

படத்தில் O(0,0), A(1,0), B(1,1), C(0,1) என்ற அலகுச் சதுரம். அதன் பிம்பம் இடப்பக்கம், இரண்டாம் கால்பகுதியில். படம் மங்கல், பிம்பத்தில் B' மட்டும்தான் படிக்க முடிந்தது, (-1,1)இல். பார்த்த மாத்திரத்தில் "இடஞ்சுழியாக 90° சுழற்சி" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் புத்தகத்தைப் பார்த்தால், y-அச்சில் எதிரொளிப்பு.

இரண்டுமே அந்தச் சதுரத்தை அதே இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. B கூட அதே (-1,1)க்குத்தான் போகிறது. வித்தியாசம் A, C இரண்டிலும் மட்டுமே. சுழற்சியில் A (0,1)க்கும் C (-1,0)க்கும் போகும். எதிரொளிப்பில் A (-1,0)க்குப் போகும், C நகராது. A' அணியின் முதல் நிரல், C' இரண்டாம் நிரல்:

```
சுழற்சி      எதிரொளிப்பு
 0  -1        -1   0
 1   0         0   1
```

அணிக்கோவை முதலாவதற்கு 1, அடுத்ததற்கு -1. கணக்கிடக்கூட வேண்டாம், O, A', B', C' என்று விரலை ஓட்டினால் மூலத்தைப் போலவே இடஞ்சுழியாகப் போனால் சுழற்சி, திசை மாறினால் எதிரொளிப்பு. இப்போதெல்லாம் A' தெரியாத படத்துக்கு விடை சொல்வதில்லை, திரும்ப எடுக்கச் சொல்கிறேன்.

அப்புறம், படமே திரும்பியிருக்கலாம். அச்சில் எண்கள் இல்லாமல் பக்கவாட்டில் கிடக்கும் படத்தை அப்படியே படித்தாலும் சுழற்சிக்கு ஒன்றும் ஆகாது. தாளை எப்படித் திருப்பினாலும் இடஞ்சுழி 90° அதேதான். எதிரொளிப்புதான் கெடும்: y-அச்சில் நடந்தது x-அச்சில் நடந்ததாகத் தெரியும். முன்பக்கக் கேமராவில் எடுத்து இடவலம் மாறிய படத்திலோ நிலைமை தலைகீழ். y-அச்சு எதிரொளிப்பு தப்பிக்கும், இடஞ்சுழிச் சுழற்சி வலஞ்சுழியாகிவிடும். அணிக்கோவை அப்போதும் 1 என்பதால் அதை வைத்துப் பிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது பிம்பத்தை அல்ல, மூலச் சதுரத்தை. அது வலது மேல் மூலையில், A கிடையாக வலப்பக்கம், C நேர்மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் படம்தான் திரும்பியிருக்கிறது. எழுத்துகளை நம்பினால், A, O இரண்டும் கண்ணாடியிலும் அப்படியேதான் தெரியும்; B, C இரண்டும்தான் காட்டிக்கொடுக்கும்.